மைனஸ் குறியில் திரும்பத் திரும்ப வரும் தவறு: ஏழாம் வகுப்பு மாணவியின் அம்மாவுக்கு ஒரு குறிப்பு

வணக்கம் அம்மா,

"தெரிஞ்ச கணக்கையே தப்பாப் போடுறா, கவனமே இல்லை" என்று சொல்லியிருந்தீர்கள். அவளுடைய நோட்டில் முழுக்கள் பாடத்தில் போட்ட 60 கணக்குகளை வரிசையாகப் பார்த்ததில் 19 தவறு. அந்த 19-ஐயும் தனியே எடுத்து எழுதி வைத்துப் பார்த்தால், வெறும் கவனக்குறைவு என்று சொல்லக்கூடியவை 2 மட்டுமே. மற்ற 17-ம் மூன்றே இடங்களில் விழுந்திருக்கின்றன.

கவனக்குறைவுத் தவறு சிதறி வரும். ஒருநாள் 7 × 8 என்பதை 54 என்று எழுதுவாள், மறுநாள் அதையே 56 என்று சரியாக எழுதுவாள். இங்கே அப்படி இல்லை. −5 − 3 என்று திங்கட்கிழமை கொடுத்தாலும் 8, வியாழக்கிழமை கொடுத்தாலும் 8. ஒரே கேள்விக்கு ஒரே தவறான விடை மாறாமல் வந்தால், பிள்ளை ஒரு விதியைக் கவனமாகப் பின்பற்றுகிறாள், ஆனால் அந்த விதி அந்த இடத்துக்கு உரியது அல்ல என்று பொருள். அதனால் "கவனமாப் போடு" என்பது இங்கே வேலை செய்யாது. அவள் இன்னும் கவனமாக அதே தவறைச் செய்வாள்.

எங்கே பிசகுகிறது, வீட்டில் மூன்று வாரம், நாள் ஒன்றுக்கு 15 நிமிடத்தில் அதை எப்படிச் சரிசெய்யலாம் என்பதை எழுதுகிறேன். உங்களுக்குக் கணக்கு வர வேண்டும் என்ற அவசியம் இல்லை. விடைகளையும் கூடவே கொடுத்திருக்கிறேன்.

ஒரே கோடு, மூன்று வேலை

மைனஸ் என்று நாம் போடும் சின்னக் கோடு மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. 9 − 4 என்னும்போது அது "கழி" என்ற கட்டளை. −4 என்று தனியாக நிற்கும்போது அது கட்டளையே இல்லை, அந்த எண்ணின் ஊர்ப்பெயர் மாதிரி: பூச்சியத்துக்கு இடப்பக்கம் நிற்கும் 4. மூன்றாவது, −(−4) என்று அடைப்புக்கு வெளியே நிற்கும்போது, "உள்ளே இருப்பதற்கு எதிர்ப்பக்கம் போ" என்கிறது.

ஐந்தாம் வகுப்பு வரை முதல் வேலை மட்டும்தான். ஆறாம் வகுப்பில் குறை எண்கள் வருகின்றன, ஏழாம் வகுப்பில் நான்கு செயல்களும் சேர்கின்றன. கோட்டின் வேலை மூன்றாகிவிட்டது, ஆனால் வாய் மூன்றையும் "மைனஸ்" என்றே சொல்கிறது. "மைனஸ் அஞ்சு மைனஸ் மூணு" என்று படித்தால் காதுக்கு இரண்டு மைனஸ் கேட்கிறது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

நல்ல வேளையாகத் தமிழில் இதற்கு இரண்டு சொல் இருக்கிறது. பாடப்புத்தகமே எண்ணைக் "குறை" என்றும் செயலைக் "கழி" என்றும் பிரித்துத்தான் சொல்கிறது. ஆகவே வீட்டில் இந்த மூன்று வாரமும் மைனஸ் என்ற சொல்லையே எடுத்து வைத்துவிடுங்கள். −5 − 3 என்பதை அவள் "குறை 5-இலிருந்து 3-ஐக் கழி" என்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். 3 − (−5) என்றால் "3-இலிருந்து குறை 5-ஐக் கழி". பேனாவை எடுப்பதற்கு முன் இப்படிப் படித்தாக வேண்டும். முதல் நான்கு நாள் சலித்துக்கொள்வாள். பரவாயில்லை, இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

"மைனஸும் மைனஸும் ப்ளஸ்"

17 தவறுகளில் 9 இந்த ஒரே வாக்கியத்திலிருந்து வந்தவை. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது மனப்பாடம். பெருக்கலிலும் வகுத்தலிலும் இது சரி: (−4) × (−3) = 12. ஆனால் கூட்டலில் அப்படி ஒரு விதியே கிடையாது. இரண்டு கடனைச் சேர்த்தால் பெரிய கடன்தான் வரும். உங்கள் மகள் −5 − 3 என்பதில் இரண்டு கோடுகளைப் பார்க்கிறாள், மந்திரம் நினைவுக்கு வருகிறது, 8 என்று எழுதுகிறாள். −6 + (−3) என்பதற்கும் 9 என்று எழுதியிருக்கிறாள், காரணம் அதேதான்.

இது தலைகீழாகவும் நடக்கும். "குறி வேறாக இருந்தால் கழித்து, பெரிய எண்ணின் குறியைப் போடு" என்று கூட்டலுக்கு ஒரு விதி உண்டு. அதைப் பெருக்கலுக்குக் கொண்டுபோய் (−6) × 2 = −4 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. உங்கள் மகளிடம் இது இன்னும் இல்லை. ஆனால் இரண்டு விதிகளையும் அடுத்தடுத்த வாரங்களில் படிப்பதால், மந்திரமாக மட்டும் மனதில் இருந்தால் என்றாவது ஒருநாள் இடம் மாறத்தான் செய்யும்.

ஆகவே அந்த வாக்கியத்தைத் தடை செய்ய வேண்டாம், அதற்கு ஒரு வேலி போடுவோம். இனி அவள் அதைச் சொன்னால், "பெருக்கும்போது" என்ற சொல்லையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். "பெருக்கும்போது குறையும் குறையும் மிகை." முன்னால் வரும் அந்த ஒரு சொல்லை விட்டால் வாக்கியம் செல்லாது.

முதலில் பத்துக் கணக்கு: தவறான விடையே காரணத்தைச் சொல்லும்

பயிற்சி தொடங்கும் முன் ஒருநாள் கீழே உள்ள பத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நேரக் கட்டுப்பாடு வேண்டாம். ரப்பர் கையில் இருக்கக் கூடாது, தவறாகப் போனால் ஒரு கோடு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும். அழித்துவிட்டால் அவள் எப்படி யோசித்தாள் என்பதும் சேர்ந்து அழிந்துவிடும்.

1) −5 − 3
2) −7 + 4
3) 4 − 9
4) 3 − (−5)
5) −2 − (−6)
6) −6 + (−3)
7) (−4) × (−3)
8) (−6) × 2
9) (−20) ÷ 5
10) −8, −3: இவற்றில் எது பெரியது?

சரியான விடைகள் வரிசையாக: −8, −3, −5, 8, 4, −9, 12, −12, −4. பத்தாவதில் −3 பெரியது.

எத்தனை சரி என்பதைவிட, தவறான இடத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். முதல் கணக்குக்கு 8 என்றால் மேலே சொன்ன மந்திரம். −2 என்று எழுதியிருந்தால் கதை வேறு: 5 − 3 = 2 என்று பழைய கழித்தலைச் செய்துவிட்டு, முன்னால் இருந்த கோட்டை அப்படியே ஒட்டியிருக்கிறாள். இரண்டாவதுக்கு −11 என்றாலும் அதே பழக்கம்தான். முதல் கோடு கணக்கு முழுவதுக்கும் பொது என்று நினைக்கிறாள். அங்கே 3 என்று இருந்தால், கழித்ததும் எந்தப் பக்கம் மிஞ்சியது என்று பார்க்கவில்லை.

மூன்றாவதுக்கு 5 என்றால், "சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது" என்று ஆரம்ப வகுப்பில் சொல்லிக்கொடுத்தது இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். அப்போது அது சரியான பேச்சுதான், இப்போது செல்லாது. நான்காவதுக்கு −2, ஐந்தாவதுக்கு −8 என்றால் அடைப்புக்குறியோடு ஒரு கோடும் காணாமல் போயிருக்கிறது. உங்கள் மகளின் 17-இல் இது 5 முறை, முன்பின்னாகத் திருப்பிக் கழித்தது 3 முறை.

பத்தாவது கேள்வியை மட்டும் தவறவிட்டால் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் எண்கோட்டுக்குப் போங்கள். −8 பெரியது என்று நினைக்கும் பிள்ளைக்குக் குறை எண் எங்கே நிற்கிறது என்பதே பிடிபடவில்லை. 800 ரூபாய் கடன் உள்ளவரும் 300 ரூபாய் கடன் உள்ளவரும் நின்றால் யார் கை மேலே என்று கேட்டுப் பாருங்கள், சட்டென்று புரியும்.

புளியங்கொட்டையும் மொச்சையும்

புளியங்கொட்டை 15, வெள்ளை மொச்சை 15 எடுத்துக்கொள்ளுங்கள். மொச்சை ஒன்று ஒரு ரூபாய் கைக்காசு. புளியங்கொட்டை ஒன்று ஒரு ரூபாய் கடன். ஒரு மொச்சையும் ஒரு கொட்டையும் சேர்ந்தால் காசு கடனுக்குப் போய்விடும், மிச்சம் பூச்சியம். அந்த இரண்டையும் சேர்த்துச் "சோடி" என்போம். இந்த ஒரு விதி போதும்.

இதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று அவள் ஒதுக்கினால், பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டில் எழுதிய நூலிலேயே மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணைக் கடன் என்ற பொருள்படும் ருணம் என்றும்தான் விதி வகுத்தார் என்று சொல்லுங்கள். குறை எண்ணை மனிதர்கள் புரிந்துகொண்ட வழிகளில் கடன் மிகப் பழையது.

கூட்டல் எளிது. −7 + 4 என்றால் 7 கொட்டை வை, 4 மொச்சை வை, சோடிகளை விலக்கு. 4 சோடி போய் 3 கொட்டை மிஞ்சும். விடை −3. −6 + (−3) என்றால் 6 கொட்டையோடு இன்னும் 3 கொட்டை, சோடியே இல்லை, 9 கொட்டை. இதைக் கையால் வைத்த பிறகு 9 மொச்சை என்று சொல்ல வாய் வராது.

கழித்தலில்தான் இதன் பலன் தெரியும். கழி என்றால் எடு. −2 − (−6) கணக்கை எடுத்துக்கொள்வோம். 2 கொட்டை வைத்தாயிற்று. 6 கொட்டையை எடுக்க வேண்டும், ஆனால் இருப்பது 2. என்ன செய்வது? சோடி என்பது பூச்சியம், எத்தனை சோடி சேர்த்தாலும் மதிப்பு மாறாது. ஆகவே 4 சோடியைக் கொண்டுவந்து வை. இப்போது 6 கொட்டையும் 4 மொச்சையும் இருக்கின்றன. 6 கொட்டையை எடு. 4 மொச்சை நிற்கிறது. விடை 4.

இதில் அவள் கவனிக்க வேண்டியது ஒன்று: கொட்டையை எடுப்பதற்காகக் கொண்டுவந்த மொச்சை மேசையிலேயே தங்கிவிடுகிறது. கடனைத் தள்ளுபடி செய்தால் கையில் காசு கூடியது மாதிரி. அதனால்தான் "குறை 6-ஐக் கழி" என்பதும் "6-ஐக் கூட்டு" என்பதும் ஒன்றே. இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நான்கைந்து கணக்கு வைத்தபின் "அம்மா, இதைக் கூட்டினாலே வந்துடுமே" என்று அவளே சொல்லும்வரை பொறுங்கள். சாதாரணமாக இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சொல்லிவிடுவார்கள்.

கொட்டைக்கு ஓர் எல்லை உண்டு. பத்துக்கு மேற்பட்ட எண்களுக்கு அது ஒத்துவராது, எண்ணுவதிலேயே பிழை வரும். (−3) × (−4) போன்ற பெருக்கலுக்கும் இழுத்துப் பிடித்துப் பொருத்த வேண்டாம். பெருக்கலுக்கு இந்த வரிசையை எழுதச் சொல்லுங்கள்:

3 × (−4) = −12
2 × (−4) = −8
1 × (−4) = −4
0 × (−4) = 0

ஒவ்வொரு படிக்கும் விடை 4 கூடிக்கொண்டே வருகிறது. அடுத்த படி (−1) × (−4). அதே நடை தொடர்ந்தால் 4, பிறகு 8, பிறகு 12. மந்திரம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால், அது பெருக்கலின் சொத்து என்பதும் மனதில் நிற்கும்.

குறியோடு சேர்த்து வட்டம்

நான்கைந்து எண்கள் தொடராக வரும்போது கொட்டை போதாது. அப்போது செய்ய வேண்டியது: ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முன்னால் நிற்கும் குறியோடு சேர்த்துப் பென்சிலால் வட்டமிடுவது. குறி எப்போதும் தனக்கு வலப்பக்கம் உள்ள எண்ணுக்குச் சொந்தம், இடப்பக்கத்துக்கு அல்ல.

−7 + 4 − 6 + 2 என்பதில் நான்கு வட்டம் வரும்: −7, +4, −6, +2. இனி இது கழித்தலே இல்லாத கணக்கு. காசுகளை ஒரு பக்கம் சேர்: 4, 2, மொத்தம் 6. கடன்களை ஒரு பக்கம் சேர்: 7, 6, மொத்தம் 13. 13 கடனில் 6 அடைந்தால் 7 கடன். விடை −7.

முதல் கோட்டை எல்லாவற்றுக்கும் ஒட்டும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. நடுவில் இரட்டைக் குறி இருந்தால், அதாவது − (−5) என்றோ + (−3) என்றோ வந்தால், வட்டமிடும் முன் அதை ஒற்றைக் குறியாக மாற்றி அடுத்த வரியில் எழுத வேண்டும். அந்த மாற்றத்தையும் வட்டத்தையும் ஒரே வரியில் செய்யவிடாதீர்கள்.

எழுத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அவள் போடும் மைனஸ் ஒரு புள்ளியை இழுத்த மாதிரி சிறிதாக இருக்கிறது, வரியின் தொடக்கத்தில் மார்ஜின் கோட்டோடு ஒட்டிவிடுகிறது. அடுத்த வரிக்கு இறக்கி எழுதும்போது அவள் கண்ணுக்கே அது தெரிவதில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். குறிக்கு ஒரு கட்டம், எண்ணுக்கு ஒரு கட்டம். கோடு கட்டத்தின் முக்கால் அகலமாவது இருக்க வேண்டும்.

மூன்று வாரம், நாளுக்கு 15 நிமிடம்

வாரத்துக்கு ஐந்து நாள் போதும். ஒரு நாளைக்கு 8 கணக்கு, அதற்கு மேல் வேண்டாம். 30 கணக்கை ஒரே மூச்சில் கொடுத்தால் முதல் மூன்றிலேயே வகையைக் கண்டுபிடித்துவிட்டு மீதியை யோசிக்காமல் போடுவாள். எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் ஒன்றும் பதிந்திருக்காது.

முதல் வாரம் கொட்டையும் மொச்சையும், கூட்டலும் கழித்தலும் மட்டும், எண்கள் 10-க்குள். ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுப் படிப்பது, பொருளை வைப்பது, பிறகு எழுதுவது என்ற வரிசை மாறக் கூடாது. வெள்ளிக்கிழமை வரும்போது கொட்டையை எடுத்து வைத்துவிட்டு, "கண்ணை மூடி மேசையை நினைச்சுப் பார்" என்று சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாம் வாரம் இரட்டைகள். பார்க்க ஒன்றுபோல் இருந்து விடை வேறாகும் கணக்குகளைச் சோடியாகக் கொடுப்பது. என் கணிப்பில் பயிற்சி முழுவதிலும் அதிகப் பலன் தருவது இந்த வாரம்தான். வகைவகையாகப் பிரித்துக் கொடுக்கும் பயிற்சியில் எந்த விதியை எடுப்பது என்று பிள்ளை முடிவு செய்ய வேண்டியதே இல்லை, தேர்விலோ அதைத்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

−5 − 3 உடன் (−5) × (−3): விடை −8, 15
6 − 9 உடன் 9 − 6: விடை −3, 3
4 − (−7) உடன் 4 − 7: விடை 11, −3
−8 + 3 உடன் −8 − 3: விடை −5, −11
−2 − (−9) உடன் −2 − 9: விடை 7, −11
−4 + (−6) உடன் (−4) × (−6): விடை −10, 24

எண்களை மட்டும் மாற்றி நீங்களே இன்னும் பத்துச் சோடி எழுதலாம். ஒவ்வொரு சோடியிலும் கணக்குப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "விடை பூச்சியத்துக்கு எந்தப் பக்கம் விழும்?" குறியை முதலில் சொல்லி, எழுதிவிட்டு, அப்புறம்தான் எண். அவள் இப்போது எண்ணைக் கண்டுபிடித்த பிறகு கடைசியில் குறியை ஒட்டுகிறாள். அதற்குள் மனம் அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது. இந்தக் கேள்விக்கு விடைத்தாள் உங்களுக்கும் தேவைப்படாது, கூட்டலிலும் கழித்தலிலும் கடன் அதிகமா காசு அதிகமா என்று பார்த்தாலே தெரியும், பெருக்கலுக்கு நாம் வேலி போட்ட வாக்கியம் இருக்கிறது.

மூன்றாம் வாரம் அடைப்புக்குறியும் பெருக்கலும் கலந்தவை:

5 − (4 − 9), விடை 10
7 − 3(2 − 6), விடை 19
−4 + 2(−3) − (−5), விடை −5
−3(2 − 5) + 1, விடை 10
(−2)(−3)(−4), விடை −24
−10 ÷ 2 − 6, விடை −11

விடையைச் சரிபார்க்க ஃபோனில் உள்ள கால்குலேட்டரைப் பயன்படுத்தினால் அடைப்பையும் சேர்த்து 3-(-5) என்று தட்டுங்கள். இரண்டு மைனஸை அடுத்தடுத்து அழுத்தினால் சில ஃபோன்கள் ஒன்றை விழுங்கிவிடும், பிறகு அவள் சரி, நீங்கள் தவறு என்று சண்டை வரும்.

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம்

8 − 2(3 − 7) + (−5). அவள் நோட்டில் இதற்கு −5 என்று இருக்கிறது. வழியைப் பார்த்தால் பெரும்பகுதி சரியாகவே செய்திருக்கிறாள். 3 − 7 = −4, சரி. 2 × (−4) = −8, அதுவும் சரி. பிறகு "8 − 8 − 5" என்று எழுதியிருக்கிறாள். அங்கேதான் போனது. 2-க்கு முன்னால் ஏற்கெனவே ஒரு "கழி" நின்றுகொண்டிருந்தது. பெருக்கி வந்த −8-க்கும் ஒரு கோடு இருந்தது. இரண்டு கோடு இருக்க வேண்டிய இடத்தில், பார்வைக்கு ஒன்றுபோல் இருந்ததால் ஒன்றை மட்டும் இறக்கியிருக்கிறாள்.

எழுத வேண்டிய முறை:

8 − 2(3 − 7) + (−5)
= 8 − 2(−4) + (−5)
= 8 − (−8) + (−5)
= 8 + 8 − 5
= 11

மூன்றாவது வரியில் உள்ள அடைப்புதான் உயிர்நிலை. பெருக்கி வந்த விடை குறை எண்ணாக இருந்தால் அதை அடைப்புக்குள்தான் இறக்கி எழுத வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள். நான்காவது வரியில் இரட்டைக் குறி ஒற்றையாகிறது, அதற்கு மேல் வட்டமிட்டுச் சேர்ப்பது மட்டுமே. ஐந்து வரி அதிகம் என்று அவள் நினைக்கலாம். இரண்டு வரியில் முடிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்றாவது வரியைத்தான் விழுங்குகிறார்கள்.

இதே பழக்கம் இயற்கணிதத்தில் 8 − 2(x − 3) என்று வரும்போது மறுபடி தலைகாட்டும். 8 − 2x − 6 என்று எழுதுவாள். −2 என்பது குறியோடு சேர்ந்த ஒரே பொருள், அது உள்ளே உள்ள −3-ஐயும் பெருக்க வேண்டும், (−2) × (−3) = 6. ஆக 8 − 2x + 6, அதாவது 14 − 2x. சரிபார்க்க x = 3 என்று வைத்துப் பாருங்கள். கேள்வியில் அடைப்பு பூச்சியமாகி 8 மிஞ்சும். 14 − 6 என்பதும் 8. அவளுடைய விடை 2 − 2x, அதில் 3-ஐ வைத்தால் −4 வரும், ஒத்துப்போகாது.

அடுக்குகளில் வரும் −3² என்பது தனிப் பஞ்சாயத்து. அதற்கு விடை −9, (−3)² என்று அடைப்பு இருந்தால்தான் 9. இந்த மூன்று வாரத்தில் அதைத் தொட வேண்டாம்.

தவறு வரும்போது பக்கத்தில் என்ன செய்வது

"மைனஸ் மைனஸ் என்ன வரும்?" என்று அண்ணனோ அப்பாவோ கேட்டு உதவ வருவார்கள். தயவுசெய்து அவர்களையும் நிறுத்திவையுங்கள், நாம் கட்டிய வேலியை அது உடைத்துவிடும். விடை தவறு என்றால் சரியான விடையைச் சொல்லாமல், "கேள்வியை ஒருமுறை படி கண்ணு" என்று மட்டும் சொல்லுங்கள். குறை, கழி என்று பிரித்துப் படிக்கும்போதே பாதித் தவறு அவள் கண்ணில் பட்டுவிடும். படித்தும் பிடிபடவில்லை என்றால் கொட்டையை எடுத்து மேசையில் வையுங்கள், மூன்றாம் வாரமானாலும் சரி.

ஒவ்வொரு தவறுக்கும் நோட்டின் ஓரத்தில் ஓர் எழுத்துப் போடச் சொல்லுங்கள். மந்திரத்தால் வந்தது என்றால் "ம", கோடு தொலைந்தது என்றால் "தொ", முன்பின்னாகத் திருப்பியது என்றால் "தி", வெறும் கூட்டல் பெருக்கல் பிழை என்றால் "பி". எழுத்தை அவளே முடிவு செய்ய வேண்டும், நீங்கள் போட்டுக் கொடுக்க வேண்டாம். முதல் வாரத்தில் "ம" நிறைய வரும். இரண்டாம் வார முடிவில் அது ஒன்றிரண்டாகக் குறைந்து, "தொ" மட்டும் மிஞ்சினால் பயிற்சி சரியான வழியில் போகிறது. "ம" குறையாமல் அப்படியே இருந்தால் மூன்றாம் வாரத்துக்குப் போகாதீர்கள், முதல் வாரத்தையே இன்னொரு முறை செய்யலாம்.

நடுவில் ஒரு நாள் திடீரென்று தவறுகள் கூடும், பெரும்பாலும் பெருக்கல் சேரும் நாளில். அதுவரை சரியாகப் போட்ட −5 − 3 கூட மறுபடி 8 ஆகிவிடும். புது விதி வந்ததும் பழையது கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். அன்று புதுக் கணக்கு எதுவும் வேண்டாம், இரட்டைகளில் முதல் சோடியை மட்டும் எண் மாற்றி நான்கு தடவை கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வார முடிவில் அந்தப் பத்துக் கணக்குத் தாளையே எண்களை மாற்றிக் கொடுங்கள்: −4 − 9, −8 + 5, 2 − 7, 6 − (−3), −1 − (−5), −7 + (−2), (−5) × (−6), (−3) × 8, (−18) ÷ 3, பத்தாவதாக −12, −5 இவற்றில் எது பெரியது. விடைகள்: −13, −3, −5, 9, 4, −9, 30, −24, −6, பெரியது −5. பழைய தாளையும் புதுத் தாளையும் அழிக்காமல், ஓரத்து எழுத்துகளோடு, சனிக்கிழமை வகுப்புக்குக் கொடுத்து அனுப்புங்கள். எந்த எழுத்து மிஞ்சியிருக்கிறதோ அதிலிருந்து வகுப்பைத் தொடங்குகிறேன்.